மாமூல் பலகை

பதுளைக் கடைத்தெருவில் வைரவநாதன் முதலாளியின் கடைக்குள் நுழைகிற எவரும் முதலில் அரிசியைப் பார்க்க முடியாது, கருவாட்டைப் பார்க்க முடியாது. பலகைகளைத்தான் பார்க்க வேண்டும். பார்க்காமல் போக முதலாளி விடமாட்டார்.

மேற்குச் சுவர் முழுவதும் பலகைகள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒன்று. பச்சை வர்ணம் பூசிய பலகையில் மஞ்சள் எழுத்தில் மேலே தோட்டத்தின் பெயர், அதன் கீழே அந்தத் தோட்டம் மாதாமாதம் எடுக்கும் சாமான்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே அளவு. சுற்றிலும் பொன் வர்ணத்தில் கொடி ஓடும். ஹல்துமுல்லைத் தோட்டத்தின் பலகையில் மட்டும் கொடியோடு இரண்டு மயில்களும் உண்டு. அந்தத் தோட்டத்துத் துரை ஒருமுறை கடைக்கு நேரில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் சோடா குடித்ததற்கு முதலாளி செலுத்திய நன்றி அது.

இந்த ஏற்பாட்டில் நன்மையே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். முன்பெல்லாம் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தோட்டத்துக் கிளாக்கரும் ஒரு நீளக் கடுதாசி எழுதுவார். எல்லாம் போன மாதத்து அரிசி, போன மாதத்துப் பருப்பு, போன மாதத்து உப்பு. எழுதுகிறவருக்கும் சலிப்பு, வாசிக்கிற கடைக்கணக்கர் லிங்கத்துக்கும் சலிப்பு. சலிப்பில் ஒரு மாதம் பருப்பு விட்டுப்போகும், இன்னொரு மாதம் உப்பு இரண்டு தடவை போகும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. தோட்டத்திலிருந்து தபால்காரன் ஒரு சீட்டோடு வருவான். சீட்டில் ஒரே சொல்: மாமூல். லிங்கம் அந்தத் தோட்டத்துப் பலகையின் முன்னால் நின்று மேலிருந்து கீழே வாசிப்பார். அந்த வரிசையிலேயே வண்டியில் ஏறும். ஒரு மாதத்துக்கு மட்டும் ஏதாவது கூடுதலாக வேண்டுமென்றால் அதைத் தனிச் சீட்டில் எழுதி அனுப்பலாம். அது பலகைக்கு அடியிலுள்ள ஆணியில் குத்தப்படும். பலகைச் சாமான்கள் ஏறி முடிந்தபின், இடமிருந்தால் ஏறும்.

“கொழும்பிலே கூட இப்படி இல்லே” என்பார் முதலாளி. கொழும்புக்கு அவர் ஒரே ஒரு தடவை, கண் வைத்தியத்துக்காகப் போயிருந்தார்.

அன்று காலை மழைக்கு நடுவே இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். முதலில் வந்தவர் மடுல்சீமைப் பக்கத்துக் கல்மேட்டுத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் வடிவேல். அல்பாகா கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்திருந்தார். கையிலிருந்த குடையில் துணியைவிடக் கம்பி அதிகமாகத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் முருகையா கங்காணி. கங்காணியும் கோட்டுப் போட்டவர்தான். ஆனால் கிளாக்கரோடு வரும்போது அதன் பொத்தான்களைத் திறந்து விட்டுக்கொள்வார். ஒரே இடத்தில் இரண்டு மூடிய கோட்டுகள் இருந்தால் கிளாக்கருக்குப் பேச்சு வராது.

“வாங்க வாங்க” என்றார் முதலாளி. “மாமூல் சீட்டுத்தான் முன்னாடியே வந்திருச்சே? இந்த மழையிலே ரெண்டு பேரும் எறங்கி வரணுமா? இதுக்குத்தானே பலகையே போட்டு வச்சிருக்கேன்.”

“பலகையாலதாங்க வந்தோம்” என்றார் கங்காணி.

கிளாக்கர் தொண்டையைச் செருமினார். “கங்காணிக்கு ஒரு சின்னச் சந்தேகம். பலகையிலே பிழை ஒண்ணும் இல்லை.”

பிழை இருந்தது. அது பலகையின் முதல் வரியிலேயே இருந்தது. கல்மேட்டுத் தோட்டத்துப் பலகையின் தலையில், அரிசிக்கும் மேலே, ‘விளக்கெண்ணெய் – பெரிய பீப்பாய் ஒன்று’ என்று பலகை எழுதும் வாகித்து வரைந்திருந்தான்.

அது அங்கே ஏறியது போன வருஷம். தோட்டத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றில் பூச்சி என்று துரை எங்கோ வாசித்துவிட்டு, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் பேதிக்குக் கொடுக்கும்படி உத்தரவு போட்டார். அந்த மாதத்துக் கடுதாசியில் கிளாக்கர் விளக்கெண்ணெயை அவசரம் என்று முதலில் எழுதினார். அந்த மாதமே முதலாளியும், “உங்கள் வழக்கமான சாமான்களை எழுதி அனுப்பவும், பலகை செய்ய வேண்டும்” என்று ஆள் அனுப்பினார். வழக்கம் எது என்று யோசித்துப் புதிதாக எழுத வேண்டிய இடத்தில் கிளாக்கர் கையில் கிடைத்த அந்த மாதத்துக் கடுதாசியின் நகலைக் கொடுத்தனுப்பினார். கீழே ‘சரி பார்த்தேன்’ என்று கையெழுத்தும் போட்டார். வாகித்து நேர்மையான வேலைக்காரன். கையெழுத்தையும் விடாமல், அதன் வாலில் இருந்த மூன்று சுழிகளோடு பொன் வர்ணத்தில் வரைந்துவிட்டான்.

அதிலிருந்து மாதாமாதம் ஒரு பீப்பாய் விளக்கெண்ணெய் மடுல்சீமைக்கு ஏறிக்கொண்டிருந்தது. முதலில் ஆஸ்பத்திரி அறை நிறைந்தது. பிறகு வண்டி அச்சுக்குப் பூசினார்கள், துரையின் குதிரைச் சேணத்துக்குப் பூசினார்கள், ஆபீஸ் கதவுக் கீலுக்குப் பூசினார்கள். லயத்துப் பிள்ளைகள் மருந்துக்காரரின் தலை தெரிந்தாலே தேயிலைக்குள் ஓடி ஒளிந்தார்கள். துரை மட்டும் திருப்தியாக இருந்தார். தன் தோட்டத்தில் சுகாதாரம் தவறாமல் கவனிக்கப்படுகிறது என்று அவர் சீமைக்கு எழுதியிருந்ததாகக் கிளாக்கரே சொன்னார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு விளக்கெண்ணெயைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

முருகையாவுக்கும் இத்தனை நாள் வாய் வரவில்லை. எண்ணெய் எக்கேடு கெட்டால் அவருக்கு என்ன? ஆனால் போன மாதம் அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து புது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். குடும்பம் குடும்பமாக, குழந்தை குட்டிகளோடு. அவர்களுக்கென்று கூடுதல் அரிசி கேட்டுத் தனிச் சீட்டு அனுப்பினார்கள். சீட்டு ஆணியில் ஏறியது. அரிசி வண்டியில் ஏறவில்லை. பசறைக்கு அப்பால் அந்த ரோட்டில் மாடு இழுக்கக்கூடிய பாரம் இவ்வளவுதான் என்று உண்டு. பீப்பாயோ வைக்கோல் பரப்பிப் படுக்க வைக்க வேண்டியது. அதன் மேல் எதையும் அடுக்க முடியாது, அருகில் அரிசியை வைத்தால் எண்ணெய் கசியும். கூடுதல் மூட்டைகள் கடை வாசலிலேயே அடுத்த வண்டிக்குக் காத்திருந்தன.

அரிசி போடுகிற நாளில் புது ஆட்களுக்கு அரைகுறையாக அளந்தார்கள். அன்று மாலையே எதிர்மலைத் தோட்டத்துக் கங்காணி வெற்றிலைத் தட்டோடு லயத்துக்கு வந்துபோனான். நலம் விசாரிக்க வந்தேன் என்றான். இந்தத் தடவையும் அரிசி குறைந்தால் புது ஆட்கள் வேறு தோட்டத்துக்கு மாற விடும் துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு எதிர்மலைக்குப் போய்விடுவார்கள்; அவர்கள் போனால் பழைய ஆட்களில் பாதிப்பேரும் பின்னால் போவார்கள். ஆளில்லாத கங்காணிக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் என்ன வேலை? வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு இருக்கும். அதை ஊன்றிக்கொண்டு நிற்கலாம்.

“மொதலாளி” என்றார் முருகையா, “வண்டி வாசல்ல நிக்குது. அந்தப் பீப்பாய எறக்கி வச்சிட்டு அரிசிய ஏத்தச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

முதலாளி லிங்கத்தைப் பார்த்தார். லிங்கம் பலகையைப் பார்த்தார்.

“பலகையிலே மொத வரி எண்ணெய் தானுங்களே” என்றார் லிங்கம்.

“அதத்தாங்க எடுக்கச் சொல்றேன்.”

“கூட்டறதுக்குச் சீட்டு இருக்கு, கங்காணியாரே. கொறைக்கறதுக்குச் சீட்டு இல்லே. அப்படி ஒண்ணு மொதலாளி வைக்கலே.”

“கொறைக்கறதுக்கு எதுக்குச் சீட்டு? நான்தான் நேர்ல நின்னு சொல்றேனே.”

“நேர்ல சொல்றதெல்லாம் கேக்க ஆரம்பிச்சா அப்பறம் பலகை எதுக்குங்க?” லிங்கம் இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. பலகை வருவதற்கு முன் அந்தக் கடையில் நடந்த பிழைக்கெல்லாம் அவரைத்தான் திட்டினார்கள். வந்தபின் ஒருவரும் திட்டவில்லை. அந்த நிம்மதியை ஒரு கங்காணிக்காக இழக்க அவர் தயாராக இல்லை.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். “கங்காணியாரே, ஒங்களுக்கு நான் விரோதியா? ஆனா இது கடை வைக்கிற மொறை. ஒரு தோட்டத்துக்கு வரியத் தாண்டினா நாளைக்கு நமுனுகுலத் தோட்டக்காரன் வந்து நிப்பான். மாத்தணும்னா யாரு கையெழுத்துப் போட்டாங்களோ அவங்க சொல்லணும். இதோ கிளாக்கரையா பக்கத்திலேயே நிக்கறாங்க. அவங்க ஒரு வார்த்தை, ‘இது பிழை’ன்னு சொல்லட்டும். இப்பவே சொரண்டிப் போடச் சொல்றேன்.”

மூவரும் கிளாக்கரைப் பார்த்தார்கள். கிளாக்கர் பலகையில் மின்னிய தம் கையெழுத்தைப் பார்த்தார். மூன்று சுழிகள். கல்மேட்டுத் துரை ஒருமுறை இதே இடத்தில் நின்று அந்தக் கையெழுத்தைக் காட்டி, “வெரி குட், வடிவேல்” என்று சொல்லியிருந்தார். கிளாக்கரின் வீட்டில் அந்தச் சொற்கள் இன்றும் சாப்பாட்டு நேரத்தில் பரிமாறப்படுகின்றன.

“பிழைன்னு எப்படிச் சொல்றது?” என்றார் கிளாக்கர். “அந்த மாதத்துக்கு அது சரிதானே.”

“அந்த மாசம் போயி வருஷம் ஒண்ணாச்சுங்க ஐயா.”

“சரியானது சரியானதுதான், முருகையா. நாள் போனதுக்காக அது பிழையாகிடாது.”

“லயத்துல புள்ளைங்க வயித்துல பூச்சி மட்டுமில்ல, சோறும் நிக்க மாட்டேங்குது. இந்தத் தடவையும் அரிசி கொறைஞ்சா ஆளுங்க மலைய விட்டு எறங்கிருவாங்க. அப்பறம் ஐயா செக்குரோலுல யாரு பேருக்குச் சம்பளம் போடுவீங்க? பீப்பாய்க்கா?”

லிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அரிசி மூட்டையின் வாய்க்கட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

“இன்னொரு வண்டி பிடிங்களேன்” என்றார் முதலாளி, பெருந்தன்மையாக.

“விடியக்காலையில இருந்து தேடிட்டுத்தாங்க வர்றேன். இருக்கிற வண்டியெல்லாம் பண்டாரவளை ரயிலடிக்கு உரம் ஏத்தப் போயிருச்சு.”

“அப்ப அடுத்த வாரம்.”

“அடுத்த வாரம் எதிர்மலைக்கு அனுப்புங்க. எங்காளுங்க அங்கதான் இருப்பாங்க.”

வெளியே வண்டிக்காரன் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. பீப்பாய் ஏற்கெனவே வைக்கோல் மேல் வசதியாகப் படுத்திருந்தது. மழையில் நனையாமல் இருக்க அதற்குச் சாக்கும் போர்த்தியிருந்தார்கள்.

முருகையா வாசலுக்குப் போனார். பீப்பாயைப் பார்த்தார். திரும்பி வந்தார். பிரம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மேற்குச் சுவரில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். அவருக்கு அவ்வளவாக வாசிக்கத் தெரியாது. மயில் தெரியும்.

“இது எந்தத் தோட்டமுங்க?”

“ஹல்துமுல்லை” என்றார் முதலாளி, சட்டென்று குரல் மாறி. “பாருங்க, அந்தத் தோகையிலே ஒவ்வொரு கண்ணும் தனித்தனியா வச்சிருக்கான்.”

“எங்க தோட்டத்தவிடப் பெரிசோ?”

“ஹல்துமுல்லையா?” கிளாக்கர் குறுக்கிட்டார். “ஆள் கணக்கிலே இப்ப நாமதான் பெரிசு. புது ஆட்கள் வந்தப்பறம் நமக்கு அது ஒரு தோட்டமே இல்லை.”

“அப்படீங்களா?” முருகையா வியந்தார். ஆள் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. அந்த ஆட்களைக் கொண்டுவந்தவரே அவர்தான். “பின்ன ஏனுங்க எங்க பலகை இத்துணூண்டா இருக்கு? மயிலும் இல்ல, மாடும் இல்ல. நாளைக்கே தொரை எறங்கி வந்து ரெண்டையும் சோடியா வச்சுப் பாத்தா, நம்ம கிளாக்கரையாவத்தானே கேப்பாரு?”

கிளாக்கர் மயில்களிலிருந்து தம் பலகை வரை கண்ணால் அளந்தார்.

“சின்னதுதான்” என்று கிளாக்கர் ஒப்புக்கொண்டார். பலகை பிழை என்று சொல்ல முடியாதவருக்கு, சின்னது என்று சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை.

“செஞ்சப்போ தோட்டம் சின்னது” என்றார் முதலாளி. அவர் கண் மேற்குச் சுவரில் எந்த இடம் காலி என்று தேட ஆரம்பித்திருந்தது. “இப்பப் புதுசாச் செஞ்சிரலாம். பெரிசா. நடுவுல மாட்டலாம். மயில் வேணாம், மயில் அவங்களுக்குக் குடுத்தாச்சு. யானை?”

“ரெண்டு யானைங்க” என்றார் முருகையா. “தும்பிக்கைய மேல தூக்கிக்கிட்டு. நடுவுல ஐயாவோட கையெழுத்து.”

கிளாக்கர் கழுத்துப் பட்டியைச் சரி செய்துகொண்டார்.

“வாகித்தக் கூப்புடு” என்றார் முதலாளி லிங்கத்திடம்.

வாகித்து அடுத்த தெருவில்தான் இருந்தான். விரலெல்லாம் வர்ணத்தோடு வந்து நின்றான். புதுப் பலகை என்றதும் அளவெடுத்தான். யானை என்றதும், தந்தம் வெள்ளையா பொன்னா என்று கேட்டான். இந்த விஷயம் முடிவாகும் வரை முருகையா பொறுமையாக நின்றார். பொறுமை என்பது அவர் முகத்தில்தான். கோட்டுப் பைக்குள் கை மடங்கி விரிந்துகொண்டிருந்தது.

“பொன்” என்று முடிவாயிற்று.

“அப்ப பழைய பலகைய இப்பவே கழட்டிருங்க” என்றார் முருகையா. “புதுசு வர்ற வரைக்கும் அது இங்க தொங்கினா யாராச்சும் பாத்து, இதுதான் கல்மேடுன்னு நெனச்சுக்குவாங்க.”

முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. அவரே முக்காலியில் ஏறிப் பலகையைக் கழற்றினார். வாகித்து அதை முகம் சுவர்ப்பக்கமாகத் திருப்பிச் சாய்த்துவிட்டு, தன் இடுப்புச் சீலையால் அதன் முதுகைத் துடைத்தான். பின்பக்கம் நல்ல மரம், இன்னொரு சின்னத் தோட்டத்துக்கு உதவும் என்றான்.

முருகையா லிங்கத்திடம் போனார். “லிங்கண்ணே. வண்டில ஏத்தணும். என்ன ஏத்துவீங்க?”

லிங்கம் வழக்கம்போல் சுவரைப் பார்த்தார். கல்மேடு இருந்த இடத்தில் சதுரமாக வெளுத்த சுண்ணாம்பும் ஓர் ஆணியும் இருந்தன. அவர் கையிலிருந்த சீட்டில் ‘மாமூல்’ என்று மட்டும் இருந்தது. சீட்டையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மொதலாளி” என்றார், ஒரு வருஷத்துக்கு முந்திய பழைய பயத்தோடு, “இவங்களுக்கு மாமூல் இல்லீங்களே இப்போ.”

“இல்லேன்னா கேட்டு எழுதிக்க” என்றார் முதலாளி. அவர் வாகித்தோடு தும்பிக்கையின் வளைவில் இருந்தார்.

ஆக, ஒரு வருஷத்துக்குப் பின் முதல் தடவையாக அந்தக் கடையில் ஒரு வாடிக்கைக்காரரிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டது.

“மொதல்ல அரிசி” என்றார் முருகையா. “பழைய ஆளுங்களுக்கு உள்ளது, அதோட புது ஆளுங்களுக்கு உள்ளதும் சேத்து ஒரே வரியா எழுதுங்க. தனிச் சீட்டுல வேணாம். அதுக்குக் கீழ பருப்பு, உப்பு, காய்ஞ்ச மொளகா, கருவாடு, லாம்பெண்ணெ.”

“விளக்கெண்ணெ?”

“அது ஆஸ்பத்திரிலயே போதும் போதும்னு இருக்கு. தொரைக்கு ஒண்ணும் கொறையாது. அவரு காலம் முடியற வரைக்கும் காணும்.”

கிளாக்கர் இதைக் கேட்காத மாதிரி குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரித்த குடை வழியாக அவருக்கு முதலாளியின் முகம் நன்றாகத் தெரிந்தது.

“லிங்கம்” என்றார் கிளாக்கர், “அப்படியே ஒரு குடையும் எழுதிக்க. கறுப்பு. எனக்கு. இந்தத் தடவைக்கு.”

லிங்கம் கடைசி வரியில் குடையை எழுதினார். முழுவதையும் ஒருமுறை உரக்க வாசித்தார். கிளாக்கர் பழக்கத்தில் பேனாவை வாங்கி, ‘சரி பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டார். மூன்று சுழிகள்.

பீப்பாயை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அது வாசல் ஓரமாக, போன மாதம் அரிசி காத்திருந்த அதே இடத்தில் போய் நின்றது. மூட்டைகள் ஏறின. வைக்கோலை உதறிவிட்டு அந்த இடத்திலும் மூட்டைகள் ஏறின. கூடுதல் மூட்டைகளில் கடைசி மூட்டை ஏறியபோது வண்டிக்காரன் அச்சைக் குனிந்து பார்த்து, இதுக்கு மேல் ஒரு பிடி உப்புக்கூட வேண்டாம் என்று சொன்னான். எல்லாம் ஏறியாகிவிட்டது, உப்புகூட.

முருகையா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, பிரம்பை எடுக்க உள்ளே வந்தார். வாகித்து புதுப் பலகைக்கு அளவு குறித்து முடித்திருந்தான்.

“எழுத்து?” என்று கேட்டான். “பழைய பலகையப் பாத்தே எழுதிரவா?”

“வேணாம் வேணாம்” என்றார் முதலாளி. “அது பழசு. இன்னைக்குப் போறதுதான் புது மாமூல். லிங்கம், அந்தச் சீட்ட அவங்கிட்டக் குடு. அப்படியே பாத்து எழுதட்டும். கையெழுத்தும்.”

லிங்கம் சீட்டை எடுத்தார். கொடுக்கும்போது கடைசி வரியில் அவர் விரல் நின்றது. கடையில் வேறு யாரும் பார்க்கவில்லை. கிளாக்கர் வாசலில், புதுக் குடையைப் பிடித்துக்கொண்டு யானையின் இடத்தை மனத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி சுவரில் ஆணிக்கு இடம் தட்டிக்கொண்டிருந்தார்.

“கங்காணியாரே” என்றார் லிங்கம், குரலைத் தாழ்த்தி. “குடை ஒண்ணு இருக்கே இதிலே. இது மாமூலா?”

முருகையா வாசலைப் பார்த்தார். அங்கே வண்டியில் மூட்டைகளுக்கும் ஓரக்கட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதைத்தான் அளந்தார்.

“இருக்கட்டும், எழுதச் சொல்லுங்க” என்றார். “குடை அரிசி எடத்த அடைக்காது.”